“பன்னிரண்டு மணிக்கு மேல எதுவும் கொடுக்காதீங்க”: ஸ்கேன் மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்கேன் மையம் நடத்துபவர்களுக்கும், அங்கே முன்மேசையில் உட்கார்ந்து போனில் நேரம் கொடுப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு மயக்க மருத்துவர். திருநெல்வேலிப் பக்கம் சிறு குழந்தைகளுக்கு எம்ஆர்ஐ எடுக்கும்போது மயக்கம் கொடுக்கப் பல மையங்களுக்குப் போய் வருகிறேன். உங்கள் மெஷினைப் பற்றியோ கட்டணத்தைப் பற்றியோ எனக்குப் புகார் கிடையாது. நீங்கள் பெற்றோரிடம் சொல்லும் இரண்டு வாக்கியங்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று, போனில் சொல்வது: “ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல எதுவும் கொடுக்காதீங்க.” இன்னொன்று, ஸ்கேன் முடிந்து அனுப்பும்போது சொல்வது: “தூங்கட்டும், எழுப்பாதீங்க.”

முதல் வாக்கியம் என்ன செய்கிறது என்பதை ஒரு பிள்ளையை வைத்துச் சொல்கிறேன். இரண்டே கால் வயது, 11 கிலோ எடை. அடிக்கடி வலிப்பு வந்ததால் மூளைக்கு எம்ஆர்ஐ எழுதியிருந்தார்கள். காலை 10 மணிக்கு நேரம். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம், ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து அம்மாவும் பாட்டியும் வந்திருந்தார்கள். பன்னிரண்டு மணி என்று சொன்னீர்கள், சரி. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை பன்னிரண்டு மணிக்கா சாப்பிடும்? முந்தைய இரவு 8 மணிக்கு ஒரு இட்லி, கொஞ்சம் பால், அவ்வளவுதான். தூங்கிவிட்டான். காலையில் 10 மணிக்கு விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவசரம், அவரை முதலில் எடுத்தாக வேண்டும். அதன் பின்னால் இன்னொருவர். இந்தப் பிள்ளையின் முறை வந்தபோது மணி 12.30. பதினாறரை மணி நேரமாக வயிற்றில் எதுவும் இல்லை, பச்சைத் தண்ணீர்கூட இல்லை என்றுதான் நினைத்தேன். அழுது அழுது ஓய்ந்துபோய் அம்மா தோளில் துவண்டு கிடந்தான். நாக்கைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. கை முழுக்கத் தடவியும் ஊசி போட நரம்பு அகப்படவில்லை.

வழக்கம்போலக் கேட்டேன், “கடைசியா வாய்க்குள்ள என்ன போச்சு?” அம்மா, “ஒண்ணுமே கொடுக்கல டாக்டர்” என்றார். பாட்டி கையில் இருந்த பையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். நான் பாட்டியைப் பார்த்தே மறுபடி கேட்டேன். “ரெண்டே ரெண்டு பிஸ்கட்டு டாக்டரம்மா. பிள்ள முகம் வாடிப்போச்சு, பாத்துக்கிட்டு இருக்க முடியல.” எப்போது என்று கேட்டால் பதினொன்றரைக்கு.

அன்று ஸ்கேன் நடக்கவில்லை. பிஸ்கட் திட உணவு, 6 மணி நேரம் கழிய வேண்டும். அதாவது மாலை ஐந்தரை. அப்போது மெஷின் காலி இல்லை. இரண்டு பெண்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். போகும்போது வரவேற்பில் இருந்த பெண் பாட்டியைத் திட்டினார். பாட்டி மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பேரன் பட்டினி கிடப்பதைப் பன்னிரண்டு மணிவரை பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னது யார்?

வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று ஏன் கேட்கிறோம் என்பதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தால் நீங்களே பெற்றோருக்குச் சொல்லலாம். விழித்திருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே ஏறி வந்தால் இருமுகிறோம், விழுங்குகிறோம், மூச்சுக்குழாய்க்குள் போக விடுவதில்லை. மயக்கத்தில் அந்தக் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருக்கும் பாலோ இட்லியோ அமிலத்தோடு சேர்ந்து நுரையீரலுக்குள் இறங்கினால் மூச்சு முட்டும், நிமோனியா வரலாம். அதனால்தான் பட்டினி. ஆனால் எல்லாப் பண்டமும் ஒரே வேகத்தில் வயிற்றை விட்டு இறங்குவதில்லை. வெறும் தண்ணீர் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். தாய்ப்பால் கொஞ்சம் மெதுவாக. பசும்பாலும் பவுடர் பாலும் வயிற்றில் திரிந்து தயிர்போல் ஆகி அதைவிட மெதுவாக இறங்கும். இட்லி, பிஸ்கட், சோறு எல்லாம் இன்னும் மெதுவாக.

இதை வைத்துத்தான் உலகம் முழுக்க மயக்க மருத்துவர்கள் 6, 4, 2 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். திட உணவுக்கும் பசும்பால், பவுடர் பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தெளிந்த நீருக்கு 2. எண்ணெயில் பொரித்தது, கறி, நெய் சேர்ந்தது என்றால் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மயக்க மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டலில் குழந்தைகளுக்கு இன்னும் தளர்த்திவிட்டது: தாய்ப்பாலுக்கு 3 மணி, பவுடர் பாலுக்கு 4 மணி, தெளிந்த நீருக்கு 1 மணி. அமெரிக்கச் சங்கம் தெளிந்த நீருக்கு 2 மணியிலேயே நிற்கிறது. உங்கள் மையத்துக்கு வரும் மயக்க மருத்துவர் எதைப் பின்பற்றுகிறார் என்று கேட்டு அதையே சொல்லுங்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் கூடாது என்று அதில் இல்லை.

தெளிந்த நீர் என்றால் என்ன என்பதில்தான் வீடுகளில் குழப்பம். நான் சொல்லும் அடையாளம் இது: கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பின்பக்கம் விரலை வைத்தால் விரல் தெளிவாகத் தெரிய வேண்டும். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், வழுக்கை கலக்காத இளநீர், நன்றாக வடிகட்டிய ஆப்பிள் சாறு, இவை சரி. மோர், ராகிக்கூழ், ஹார்லிக்ஸ், சத்துமாவுக் கஞ்சி எதுவும் இதில் சேராது. வடித்த கஞ்சித் தண்ணீரைத் “தெளிவாத்தானே இருக்கு” என்று கொடுத்துவிடுவார்கள். அதில் மாவு இருக்கிறது, அதையும் உணவாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சரி, அந்தப் பிள்ளையின் 10 மணிக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். காலை 4 மணி வரை பசும்பால் கொடுக்கலாம். இட்லியும் கொடுக்கலாம்தான், ஆனால் நாலு மணிக்கு எழுப்பி யாரும் இட்லி ஊட்டப் போவதில்லை. ஆகவே முந்தைய இரவு வழக்கத்தைவிடத் தாமதமாக, வயிறார ஊட்டச் சொல்லுங்கள். நடுராத்திரி எழுந்து பால் கேட்டால் 4 மணி வரை தயங்காமல் கொடுக்கச் சொல்லுங்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை என்றால் 6 மணி வரை. காலையில் எழுந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ இளநீரோ, 8 மணிக்குள். பஸ்ஸில் வரும்போதே கொடுத்து முடித்துவிடலாம். இப்படி வரும் பிள்ளைக்கும் முழுப் பட்டினியில் வரும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் புறங்கையைப் பார்த்தாலே தெரியும். தண்ணீர் குடித்த பிள்ளைக்கு நரம்பு நிமிர்ந்து நிற்கும், ஒரே குத்தில் ஊசி ஏறும். சிறு குழந்தையின் ஈரலில் சேமிப்புச் சர்க்கரை குறைவு. பெரியவர்களைப் போல இரவு முழுக்கவும் அடுத்த நாள் மதியம் வரையிலும் அதை வைத்து ஓட்ட முடியாது. பதினாறு மணி நேரப் பட்டினியில் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம். அந்தச் சோர்வை “நல்லா சமத்தா இருக்கான்” என்று நாம் தப்பாக எடுத்துக்கொள்வோம்.

மெஷின் தாமதமாகும்போது ஒருவர் வெளியே வந்து சொல்ல வேண்டும். மேலே சொன்ன நாளில் 10 மணிக்கே, “இன்னும் இரண்டரை மணி நேரம் ஆகும், பிள்ளைக்குக் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்” என்று என்னைக் கேட்டு யாராவது சொல்லியிருந்தால் பாட்டி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்திருக்கவே மாட்டார். சிறு பிள்ளைகளைப் பட்டியலில் முதலில் போட்டால் இந்தப் பிரச்சினையில் பாதி வராது.

அன்று இன்னொன்றும் தெரிந்தது. நரம்பு தேடிக்கொண்டே, “வலிப்பு மருந்து காலையில கொடுத்தீங்களா?” என்று கேட்டேன். “எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே டாக்டர்” என்றார் அம்மா. வலிப்புக்காக ஸ்கேன் எடுக்க வந்த பிள்ளைக்கு வலிப்பு மருந்தை நிறுத்திவைத்திருக்கிறோம்! அன்று அவனுக்கு வலிப்பு வரவில்லை. வந்த பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். வலிப்பு மருந்தைத் தினமும் கொடுக்கும் நேரத்திலேயே கொடுக்க வேண்டும். சிரப் என்றால் அப்படியே, மாத்திரை என்றால் ஒரு மடக்குத் தண்ணீரோடு. வீசிங்குக்கு இன்ஹேலர் இருந்தால் அதையும் விடக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பிள்ளை என்றால் நீங்களாக எதுவும் சொல்லாமல் எங்களிடம் போனைக் கொடுங்கள். அந்தக் கணக்கு வேறு.

போனிலேயே இன்னும் ஒரு கேள்வியும் கேட்டுவிடுங்கள்: சளி, இருமல், காய்ச்சல் இருக்கிறதா? நேரம் கிடைத்ததே பெரிய விஷயம் என்று பெற்றோர் இதை மறைப்பார்கள். சளி பிடித்த தொண்டை மயக்கத்தில் சட்டென்று இறுகிக்கொள்ளும், ஆக்சிஜன் இறங்கும். அவசரமில்லாத ஸ்கேன் என்றால் சில வாரம் தள்ளிவைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. அப்படித் தள்ளினால் வேறு நேரம் உடனே கொடுப்போம் என்று நீங்கள் உறுதி சொன்னால் மறைக்க மாட்டார்கள்.

கைக்குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்து மூன்று மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குப் பல சமயம் மயக்கமே வேண்டாம். வரும்வரை பால் கொடுக்காமல் வைத்திருந்து, மெஷினுக்குப் போகும் முன் வயிறு நிறையக் கொடுத்து, துணியில் கதகதப்பாகச் சுற்றி, காதை மூடினால் அதுவாகவே தூங்கும். அந்தத் தூக்கத்திலேயே ஸ்கேனை எடுத்துவிடலாம். இங்கே பன்னிரண்டு மணி விதி தலைகீழாகிவிடுகிறது. மயக்கம் கொடுத்தே ஆக வேண்டிய கைக்குழந்தை என்றால், குறைமாதத்தில் பிறந்ததா என்று கேட்டுக் குறித்துவையுங்கள். அப்படிப் பிறந்த சின்னக் குழந்தைகளுக்கு மயக்கத்துக்குப் பிறகு மணிக்கணக்கில் கழித்தும் மூச்சு நின்று நின்று வரலாம். கருவில் இருந்த வாரங்களையும் பிறந்த பின் கழிந்த வாரங்களையும் கூட்டி 60 ஆகவில்லை என்றால் அன்று இரவு மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். வெறும் ஸ்கேன் மையத்தில் அதைச் செய்ய முடியாது.

இனி இரண்டாவது வாக்கியம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மையத்துக்கு வேறொரு குழந்தைக்காகப் போய் காரை நிறுத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பத் தயாராக இருந்தது. அப்பா ஓட்ட, அம்மா பின்னால், நடுவில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. தூக்க சிரப் கொடுத்து ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். முதல் அளவுக்குத் தூங்கவில்லை என்று அரை மணி கழித்து இன்னொரு அளவு. “தூங்கட்டும், எழுப்பாதீங்க” என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது. குழந்தையின் முகம் அப்பாவின் முதுகில் அழுந்தி, தலை முன்னால் மடிந்து, தாடை நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. உதட்டின் நிறம் சரியில்லை என்று காவலாளிக்குத்தான் முதலில் பட்டது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நான் ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கி, படுக்கவைத்துத் தாடையை மேலே தூக்கினேன். இரண்டு மூச்சு உள்ளே போனதும் உதடு சிவந்தது. வேறு எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை. தலையை நிமிர்த்தியதுதான் சிகிச்சை.

குழந்தைக்கு உடம்பை ஒப்பிடத் தலை பெரிது, கழுத்துத் தசை வலு கிடையாது, மூச்சுக்குழாய் சன்னம். சாதாரணத் தூக்கத்தில் தலை மடிந்து மூச்சு அடைத்தால் பிள்ளை சிணுங்கித் திரும்பிக்கொள்ளும். மருந்துத் தூக்கத்தில் அந்தச் சிணுங்கல் வராது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு கோட்டே என்ற மயக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்ததில் நேர்ந்த 95 விபரீதங்களை அலசினார்கள். அதில் 51 பிள்ளைகள் இறந்திருந்தார்கள். சில விபரீதங்கள் மருத்துவமனையை விட்டுக் கிளம்பிய பின், காரிலும் வீட்டிலும் நடந்தவை.

இதில் மருந்துக்கு மருந்து வித்தியாசம் உண்டு. நாங்கள் நரம்பில் ஏற்றும் புரோபோஃபால் நிறுத்திய சில நிமிடங்களில் தெளிய ஆரம்பிக்கும். ட்ரைக்ளோஃபாஸ் போன்ற தூக்க சிரப் அப்படியில்லை. வேலை செய்யவே முக்கால் மணி வரை ஆகலாம். உடம்பில் அது மாறி உண்டாகும் பொருள் பாதியாகக் குறையவே 8 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும், கைக்குழந்தைகளில் இன்னும் நீளும். தூங்கவில்லையே என்று அரை மணியில் இன்னொரு அளவு ஊற்றினால், முதல் அளவும் இரண்டாவதும் சேர்ந்து வேலை செய்யும் நேரம் ஸ்கேன் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வரும். மெஷினுக்குள் சத்தமும் அசைப்பும் இருந்தபோது லேசாக இருந்த தூக்கம், எல்லாம் அடங்கியதும் ஆழமாகிவிடும். இதே காரணத்தால், “வீட்டிலேயே கொடுத்துத் தூங்கவச்சுக் கூட்டிட்டு வாங்க” என்று பாட்டிலை எழுதிக் கொடுப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பயணத்தில் பிள்ளையின் மூச்சைப் பார்க்க யாரும் இல்லை.

அதனால் எழுப்பிப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். கண் திறக்க வேண்டும், அம்மாவை அடையாளம் காண வேண்டும், வரும்போது உட்கார்ந்த பிள்ளை தானாக உட்கார வேண்டும். யாரும் தொந்தரவு செய்யாத அமைதியான இடத்தில் 20 நிமிடமாவது தானாக விழித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீண்ட நேரம் நிற்கும் மருந்து கொடுத்தால் இது கட்டாயம். இருக்கையில் ஆள் உட்கார இடமில்லை, அடுத்த பேஷண்ட் வந்துவிட்டார் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். இரண்டு கட்டிலும் ஒரு ஆக்சிமீட்டரும் ஒரு சிஸ்டரும் இருந்தால் போதும். எம்ஆர்ஐ மெஷின் விலையில் இது ஒரு மூலைக்குக் காணாது.

வீட்டுக்குப் போகும் பெற்றோரிடம் நான் சொல்வதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்குப் பயன்படும். பைக் வேண்டாம். ஆட்டோவோ காரோ, ஓட்டுபவர் தவிர இன்னொருவர் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாடை நெஞ்சில் படாமல் தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சேலைத் தலைப்பால் முகத்தை மூடாதீர்கள். வீட்டில் தூங்கினால் தூங்கட்டும், ஆனால் தூளியில் போடாதீர்கள். தூளியில் உடம்பு வளைந்து தலை மடியும், முகமும் தெரியாது. பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒருவர் பக்கத்தில் இருங்கள். அவ்வப்போது தட்டிக் கூப்பிடுங்கள். முகம் சுளித்து, சிணுங்கி, உங்கள் கையைத் தள்ளிவிட்டால் நல்லது. கையை நெஞ்சில் வைத்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளை தூக்கத்தில் ஏறக்குறைய 20 முதல் 30 தடவை மூச்சு விடும்.

எழுந்ததும் முதலில் ஒன்றிரண்டு மடக்குத் தண்ணீர். வாந்தி இல்லை என்றால் பால், அப்புறம் இட்லி. ஒரு தடவை வாந்தி எடுத்தால் பயப்பட வேண்டாம், அரை மணி விட்டு மறுபடி தண்ணீரில் ஆரம்பியுங்கள். திரும்பத் திரும்ப எடுத்தால் கூப்பிடுங்கள். எழுந்தவுடன் சில பிள்ளைகள் யாரையும் தெரியாததுபோல வீறிட்டு அழும், அடிக்கும். அது மருந்து தெளியும் கோலம், பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கும். நடக்கும்போது குடித்தவன்போலத் தள்ளாடும், அதனால் மாடிப்படி, சைக்கிள், கிணற்றடி எதுவும் 24 மணி நேரத்துக்கு வேண்டாம். தூக்கம் வருகிற வேறு மருந்தை, சளி சிரப்பாக இருந்தாலும், கேட்காமல் கொடுக்காதீர்கள். உதடு நீலமானால், விலா உள்ளே இழுத்து மூச்சு வாங்கினால், மூச்சு விட்டு விட்டு வந்தால், எவ்வளவு தட்டியும் அசையவில்லை என்றால் முதலில் தாடையைத் தூக்குங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். எங்களுக்குப் போன் பண்ணுவது அதற்கு அப்புறம்.

நான் கேட்பது ஒரு சீட்டு. முன்பக்கம், ஸ்கேன் நேரத்துக்கு ஏற்ப நான்கு மணிகள் எழுதியிருக்க வேண்டும்: சோறும் பாலும் எத்தனை மணி வரை, தாய்ப்பால் எத்தனை மணி வரை, தண்ணீர் எத்தனை மணி வரை, வழக்கமான மருந்து எத்தனை மணிக்கு. “6 மணி நேரத்துக்கு முன்” என்று எழுதாதீர்கள். கழித்துப் பார்க்கும் வேலையைப் பாட்டியிடம் விடாமல் “காலை 4 மணி வரை” என்றே எழுதுங்கள். நேரில் வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பின்பக்கம், கொடுத்த மயக்க மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், இரண்டாவது தடவை கொடுத்தீர்களா என்பது, இரவில் எடுக்கும் ஒரு போன் எண். ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பிள்ளையை வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், அங்கே இருக்கும் டாக்டர் முதலில் கேட்கப்போவது “என்ன மருந்து கொடுத்தாங்க?” என்பதுதான். இன்றைக்கு அதற்கு அம்மாவிடம் இருக்கும் பதில், “ஏதோ சிவப்பு சிரப்பு.”

அந்தப் பாட்டியும் பேரனும் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை முந்தைய நாள் நானே போனில் மணி மணியாகச் சொல்லியிருந்தேன். பட்டியலில் முதல் ஆள், 8 மணிக்கு. வலிப்பு மருந்து கொடுத்தாகிவிட்டது, 6 மணிக்குள் இளநீர் குடித்தாகிவிட்டது. எட்டே முக்காலுக்கு ஸ்கேன் முடிந்தது, ஒன்பதேகாலுக்கு உட்கார்ந்துகொண்டு பாட்டியின் பையைக் காட்டி அழுதான். சீட்டுக்கு என்ன எழுத வேண்டும் என்று கேட்டால் எழுதித் தருகிறேன். அச்சடிப்பது உங்கள் வேலை.

இப்படிக்கு,
உங்கள் மையங்களுக்கு வந்து போகும் ஒரு மயக்க மருத்துவர்